வெள்ளைமுழியில் ஒரு மஞ்சள் மேடு

கண்ணின் வெள்ளைப் பகுதியில், கருவிழிக்குப் பக்கத்தில், மூக்கைப் பார்த்த பக்கமாக ஒரு சின்ன மஞ்சள் மேடு. எனக்கு வலது கண்ணில் நன்றாகத் தெரியும், இடது கண்ணில் லேசாக இருக்கும். பெயர் பிங்குவெகுலா. வயது ஏற ஏற பெரும்பாலானவர்களுக்கு ஏதோவொரு அளவில் வருவதுதான். ஆனால் யாரும் யாருடைய வெள்ளைமுழியையும் உற்றுப் பார்ப்பதில்லை. போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதோ, அந்த இடம் சிவந்து உறுத்தும்போதோதான் கவனத்துக்கு வருகிறது. வந்ததும் பயம் பிடித்துக்கொள்கிறது.

என் அம்மா முதலில் சொன்னது, "டேய், மஞ்சக்காமாலையா இருக்கப்போகுது, ரத்தம் குடுத்துப் பாத்துடு." நண்பன் ஒருவன் கொலஸ்ட்ரால் என்றான். இன்னொருவர் கண்ணில் சதை வளர்கிறது, ஆபரேஷன் பண்ண வேண்டிவரும் என்றார். மூன்றும் தப்பு. ஆனால் மூன்றாவது தப்பில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காமாலையை முதலில் முடித்துவிடலாம். காமாலையில் பிலிருபின் என்கிற நிறமி ரத்தத்தின் வழியே எல்லா இடத்துக்கும் போகிறது. அதனால் இரண்டு கண்ணிலும் வெள்ளை முழுக்கச் சீராக மஞ்சளிக்கும். கீழிமையை இழுத்துவிட்டு மேலே பார்த்தால், வழக்கமாக இமைக்குள் மறைந்திருக்கும் வெள்ளையும் மஞ்சளாக இருக்கும். பிங்குவெகுலாவில் அந்த மறைந்த இடம் வெள்ளையாகவே இருக்கும். கண் திறந்திருக்கும்போது வெளியே தெரிகிற பட்டையில், கருவிழியின் இடது வலது ஓரங்களில் மட்டும்தான் மஞ்சள். கருவிழிக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ இது வருவதில்லை.

கொழுப்பும் இல்லை. நாம் வெள்ளைமுழி என்று பார்ப்பது இரண்டு அடுக்கு. அடியில் ஸ்கிலீரா என்கிற கெட்டியான வெள்ளைச் சுவர். அதற்குமேல் கன்ஜங்டைவா என்கிற மெல்லிய, ஈரமான, ஒளி புகும் படலம். பிங்குவெகுலா உருவாவது இந்த மேல்படலத்துக்குள்தான். அங்கே இருக்கும் கொலாஜன் இழைகள் வருடக்கணக்கில் புற ஊதாக் கதிர் பட்டுச் சிதைந்து, தடித்து, சுருண்டு ஓரிடத்தில் குவிகின்றன. ஆய்வகத்தில் அதை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், எலாஸ்டிக் இழைகளுக்கான சாயத்தை அந்தக் குவியல் பிடித்துக்கொள்ளும். ஆனால் எலாஸ்டிக் இழைகளைக் கரைக்கும் எலாஸ்டேஸ் நொதியை விட்டால் கரையாது. அதாவது அது எலாஸ்டிக்கும் இல்லை, பழைய கொலாஜனும் இல்லை, கெட்டுப்போன ஏதோ ஒன்று. வருடக்கணக்கில் வெயில் பட்ட பின்கழுத்துத் தோல் தடித்து மஞ்சளிப்பதும் இதே சிதைவால்தான். அதனால் எண்ணெயைக் குறைத்தால் இந்த மேடு குறையுமா என்று கேட்பதில் பயனில்லை.

இது ஏன் பெரும்பாலும் மூக்குப் பக்கமே வருகிறது என்பது எனக்கு ரொம்ப நாள் புதிராக இருந்தது. மூக்கின் நிழலில் இருக்கும் பக்கம் அல்லவா அது? வெயில் குறைவாகத்தானே பட வேண்டும்? 1990-களில் மினாஸ் கொரோனியோ என்கிற ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் இதற்கு விடை சொன்னார். காது இருக்கும் பக்கத்திலிருந்து சாய்வாக வரும் ஒளி, கருவிழியை மூடியிருக்கும் தெளிவான கார்னியாவின் ஓரத்தில் பட்டு வளைந்து, கண்ணின் முன்னறையைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கத்தில், அதாவது மூக்குப் பக்க விளிம்பில் போய்க் குவிகிறது. குவிகிற இடத்தில் அதன் செறிவு சுமார் 20 மடங்குவரை கூடுகிறது. மூக்குப் பக்கத்திலிருந்து இதேபோல் வரவேண்டிய ஒளியை மூக்கே மறைத்துவிடுவதால் காதுப்பக்க விளிம்பு தப்பித்துக்கொள்கிறது. அடி விழுவது வெளியிலிருந்து நேராக இல்லை, கண்ணுக்குள்ளிருந்து.

இதில் ஒரு நடைமுறை விஷயம் ஒளிந்திருக்கிறது. முன்பக்கம் மட்டும் மறைக்கும் சின்னக் கூலிங் கிளாஸ் நேர் ஒளியைத்தான் தடுக்கும். பக்கவாட்டிலிருந்து நுழையும் ஒளிதான் மூக்குப் பக்க விளிம்பில் குவிகிறது என்றால், பக்கத்தைச் சுற்றி வளைந்து மூடுகிற கண்ணாடிதான் வேலைக்கு ஆகும். கண்ணாடி எவ்வளவு கறுப்பு என்பது முக்கியமே இல்லை. யூவி 400 என்று தரம் குறித்த நிறமற்ற கண்ணாடிகூட புற ஊதாக் கதிரைத் தடுக்கும். வெறும் கறுப்புச் சாயம் மட்டும் உள்ள மலிவுக் கண்ணாடி வெளிச்சத்தைக் குறைத்து நம்மைக் கண் சுருக்காமல் அகலத் திறக்க வைக்கும், கதிரை அப்படியே உள்ளே விட்டுவிடும். அது போடாமல் இருப்பதைவிட மோசமாகக்கூட ஆகலாம்.

சரி, மேடு இருக்கட்டும். அது ஏன் உறுத்துகிறது?

பெரும்பாலான நாட்களில் உறுத்துவதில்லை என்பதுதான் முதல் பதில். மேட்டில் வலி கிடையாது. பார்வையை அது தொடுவதில்லை. தொந்தரவு முழுக்கக் கண்ணீரால் வருகிறது. கண்ணின் முன்பரப்பு முழுவதும் கண்ணீர் ஒரு மெல்லிய படலமாகப் பரவி நிற்கிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் மேலிமை கீழே வந்து இந்தப் படலத்தைப் புதிதாக இழுத்துப் பூசிவிட்டுப் போகிறது. பரப்பு வழவழப்பாக இருக்கும்வரை பூச்சு சீராக விழும். சுண்ணாம்பு மட்டையால் சுவருக்கு வெள்ளையடிக்கும்போது நடுவில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருந்தால், ஆணியின் தலையில் மட்டை உரசும், ஆணியைச் சுற்றி ஒரு வளையம் வெள்ளை படாமல் நின்றுபோகும். மேட்டுக்கும் இமைக்கும் நடுவில் நடப்பது அதுதான். மேட்டின் தலையில் இமை உரசுகிறது, அதன் அடிவாரம் நனையாமல் காய்கிறது.

காய்ந்த இடம் எரியும். எரிச்சலில் ரத்தநாளங்கள் விரிந்து அந்த இடம் வீங்கும். வீங்கினால் மேடு இன்னும் உயரும். உயர்ந்தால் பூச்சு இன்னும் மோசமாக விழும். இப்படி ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டு போகும் நிலைக்கு டாக்டர்கள் பிங்குவெகுலைட்டிஸ் என்கிறார்கள். சில நேரம் மேட்டை ஒட்டிய கார்னியாவிலேயே ஓர் இடம் காய்ந்து சின்னக் கிண்ணம்போல் குழிந்துவிடுவதும் உண்டு. அந்தக் குழிக்கு டெல்லன் என்று பெயர். நன்றாக ஈரப்படுத்தினால் பெரும்பாலும் அது நிரம்பிவிடும், கவனிக்காமல் விட்டால் மெலிந்துகொண்டே போகலாம்.

இதைப் புரிந்துகொண்டபிறகு எது எப்போது கிளப்பிவிடுகிறது என்பது தானாகத் தெளிவாகிறது. காற்று, தூசி, ஏசி, நேரே முகத்தில் அடிக்கும் ஃபேன் எல்லாமே கண்ணீரை உலர்த்துகிறவை. கம்ப்யூட்டர் திரையும் அப்படித்தான். பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்குப் பதினைந்து முறையோ அதற்கு மேலோ இமைக்கிற நாம், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. இமைப்பதிலும் பல அரைகுறை, மேலிமை பாதி வழியில் திரும்பிவிடும். மேடு எப்போதும் இமைப்பிளவில், திறந்த பட்டையின் நடுவில் இருப்பதால், அரைகுறை இமைப்பில் முதலில் காய்வது அதுதான்.

எனக்கு ஒருமுறை நன்றாகவே கிளம்பியது. சில வாரங்கள் தொடர்ந்து ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டபடி பைக்கில் போய்வந்தேன், மாலையில் வீட்டில் இருட்டறையில் லேப்டாப். முதலில் மண் விழுந்த உறுத்தல். அப்புறம் வலது கண்ணில் மூக்குப் பக்கம் மட்டும் ஒரு முக்கோணச் சிவப்பு. அந்தச் சிவப்புக்கு நடுவில் மேடு முன்பைவிட மஞ்சளாகத் தெரிந்தது. மேட்டுக்குள் ரத்தநாளங்கள் குறைவு என்பதால் சுற்றுப்புறம் சிவக்கும்போது அது மட்டும் சிவக்காமல் எடுப்பாகத் தெரிகிறது. மேடு ஒரே வாரத்தில் வளர்ந்துவிட்டது என்று பலரும் பதறுவதற்கு இந்த நிற வித்தியாசம்தான் பாதிக் காரணம், மீதிப் பாதி வீக்கம்.

கண்ணில் பீளை இல்லை. காலையில் இமை ஒட்டிக்கொள்ளவும் இல்லை. பார்வை தெளிவாகவே இருந்தது. வெளிச்சம் பார்த்தால் கூசவில்லை. இந்த நான்கையும் டாக்டரம்மா முதலிலேயே ஒவ்வொன்றாகக் கேட்டார். பீளையும் ஒட்டலும் இருந்தால் தொற்றுப் பக்கம் யோசிக்க வேண்டும். பார்வை மங்கலோ, கூச்சமோ, கண்ணின் ஆழத்தில் வலியோ இருந்தால் கார்னியாவையும் கண்ணின் உட்பகுதியையும் சந்தேகப்பட வேண்டும். பிங்குவெகுலைட்டிஸ் சிவப்பு ஒரே துண்டில் நிற்கும், மற்ற வெள்ளை வெள்ளையாகவே இருக்கும்.

அப்புறம் ஸ்லிட் லாம்ப். தாடையை வைத்து, நெற்றியை ஒட்டி உட்கார வைத்து, மெல்லிய ஒளிக்கீற்றைப் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சி நுண்ணோக்கியில் பார்க்கும் கருவி. ஒளி சாய்வாக விழுவதால் மேட்டின் உயரம் தெரியும். அவர் மேட்டைவிட, மேட்டுக்கும் கருவிழிக்கும் நடுவில் உள்ள எல்லையைத்தான் அதிக நேரம் பார்த்தார். அடுத்து ஃபுளோரசீன் என்கிற ஆரஞ்சுச் சாயம் தோய்த்த காகிதத் துண்டை இமைக்குள் தொட்டு, நீல ஒளியைப் போட்டார். சாயம் கண்ணீரோடு கலந்து பச்சையாக ஒளிரும். இமைக்காமல் இருக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பச்சைப் படலத்தில் முதல் கறுப்பு ஓட்டை எப்போது விழுகிறது என்று எண்ணுவார்கள். பத்து நொடிக்குமேல் தாங்கினால் நல்லது. என் வலது கண்ணில் ஐந்தைத் தொடுவதற்குள் உடைந்தது. அதுவும் மேட்டை ஒட்டிய ஓரத்தில்.

அந்தச் சாயத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கார்னியாவில் புண் ஏதாவது இருந்தால் சாயம் அதில் ஒட்டிக்கொண்டு ஒளிரும். ஹெர்பிஸ் வைரஸால் வரும் புண் கிளைகிளையாகத் தெரியும். அப்படி ஒன்று இருக்கும்போது ஸ்டீராய்டு சொட்டு விட்டால் புண் பரவி கார்னியாவே பாழாகலாம். "சாயம் போடாம ஸ்டீராய்டு எழுதமாட்டேன்" என்றார் டாக்டரம்மா. எனக்கு அது பிடித்திருந்தது.

எழுதிக்கொடுத்தது இரண்டே மருந்து. லோட்டிபிரட்னால் என்கிற மென்மையான ஸ்டீராய்டு சொட்டு, ஒரு வாரம் தினம் நான்கு வேளை, பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். இதற்குப் பதில் ஃபுளோரோமெத்தலோன் எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டும் கண்ணின் மேல்பரப்பிலேயே பெரும்பாலும் வேலை செய்துவிட்டுப் போகிறவை, அதனால் கண்ணழுத்தத்தை ஏற்றும் அபாயம் குறைவு. குறைவுதான், இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டாவது மருந்து செயற்கைக் கண்ணீர். அதைத் தினம் நான்கு முறைக்குமேல் விடுவதாக இருந்தால் பதப்பொருள் சேர்க்காததாக வாங்கச் சொன்னார். பென்சல்கோனியம் குளோரைடு என்கிற வழக்கமான பதப்பொருளே அடிக்கடி பட்டால் கண்ணின் மேல்பரப்பை அரிக்கும், கண்ணீர்ப் படலத்தை இன்னும் சீக்கிரம் உடைக்கும். கூடவே மூடிய இமைமேல் ஈரத்துணி ஒத்தடம், குளிர்ந்த தண்ணீரில் நனைத்தது.

ஸ்டீராய்டு ஓரிரு நாளிலேயே சிவப்பைத் துடைத்துவிடும். ஆபத்தும் அங்கேதான். அடுத்த முறை சிவந்தால் மிச்சமிருக்கும் அதே பாட்டிலைத் தேடிக் கை போகும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் சிலருக்குக் கண்ணழுத்தம் ஏறும். ஏறுவது வலியில்லாமல், பார்வை மங்காமல் நடக்கும், கருவியில் அளந்தால் மட்டுமே தெரியும். நீண்டகாலப் பயன்பாட்டில் புரையும் வரும். அதனால்தான் ஸ்டீராய்டு விட்டவர்களை மறுபடி வரச்சொல்லிக் கண்ணழுத்தம் பார்க்கிறார்கள். எனக்கும் பார்த்தார்கள், ஏறவில்லை. சிவப்பை உடனே போக்கும் என்று விற்கும் சொட்டுகள் வேறு வகை. நாஃபாசோலின், டெட்ராஹைட்ரோசோலின் போன்றவை ரத்தநாளங்களைச் சுருக்கி வெள்ளையாக்கும். மருந்து இறங்கியதும் நாளங்கள் முன்பைவிட அதிகமாக விரியும், மறுபடி விடத் தோன்றும். மேடு உலர்ந்து காய்வதற்கு அவற்றால் எந்தப் பலனும் இல்லை.

இப்போது அந்தச் "சதை வளர்கிறது" விஷயம். அதன் பெயர் டெரிஜியம். என் மாமாவுக்கு இருந்தது. வருடக்கணக்கில் வெட்டவெளியில் நின்று கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தவர். பூமத்திய ரேகைக்கு இருபுறமும் சுமார் 40 டிகிரிக்குள் வாழ்கிறவர்களிடம், அதிலும் வெயிலில் வேலை செய்கிறவர்களிடம் இது அதிகம். காரணம் அதே புற ஊதாக் கதிர், இடம் அதே மூக்குப் பக்கம். வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் அதே சிதைந்த இழைகள் இதிலும் இருக்கும். அதனால்தான் குழப்பம். ஆனால் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறு.

எல்லைதான் வித்தியாசம். வெள்ளைமுழியின் மேல்படலம் முடிந்து, கருவிழியை மூடியிருக்கும் கார்னியா தொடங்கும் கோட்டுக்கு லிம்பஸ் என்று பெயர். கார்னியாவில் ரத்தநாளம் ஒன்றுகூடக் கிடையாது, அதனால்தான் அது ஒளி புகும்படி தெளிவாக இருக்கிறது. லிம்பஸில் இருக்கும் மூலச்செல்கள் கார்னியாவின் மேல்தோலைப் புதுப்பித்துக்கொண்டே, வெள்ளைப் பக்கத்துத் திசு உள்ளே வராமல் எல்லை காக்கின்றன. பிங்குவெகுலா எவ்வளவு பெரிதானாலும், எத்தனை முறை சிவந்தாலும், லிம்பஸுக்கு வெளியே நின்றுவிடும். டெரிஜியம் அந்தக் காவல் பலவீனப்பட்ட இடத்தில் லிம்பஸைத் தாண்டி கார்னியாமேல் ஏறும். அதற்குள் ரத்தநாளங்களும் நார்த்திசுவும் இருக்கின்றன. பிங்குவெகுலா கிடக்கிற ஒரு குவியல் என்றால், டெரிஜியம் உயிரோடு வளர்கிற திசு. அதன் முனை கார்னியாவின் மேல்தோலுக்கு அடியில் இருக்கும் போமன் அடுக்கை அரித்துக்கொண்டு முன்னேறுகிறது. ஒருமுறை அரிபட்ட போமன் அடுக்கு மறுபடி உருவாவதில்லை, டெரிஜியத்தை எடுத்தபிறகும் அங்கே ஒரு மங்கல் தழும்பு மிஞ்சும்.

வடிவமும் உதவும். டெரிஜியம் முக்கோணம், அகன்ற அடி மூக்குப் பக்கமும் கூர் முனை கண்மணியை நோக்கியும் இருக்கும். அதன் ரத்தநாளங்கள் நேராக, இழுத்துக்கட்டியதுபோல் முனையை நோக்கி ஓடும். பிங்குவெகுலா பெரும்பாலும் வட்டமோ ஒழுங்கற்ற திட்டோதான், நாளங்கள் அதைச் சுற்றி வழக்கம்போல் நெளிந்து போகும். முன்னேறாமல் நாட்பட நின்றுவிட்ட டெரிஜியத்தின் முனைக்கு முன்னால், கார்னியாவின் மேல்தோலில் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று இருக்கும். கண்ணீர் அங்கே தேங்குவதால் படியும் இரும்புச்சத்து அது. ஸ்டாக்கர் கோடு என்பார்கள், ஸ்லிட் லாம்பில்தான் தெரியும்.

மாமாவுக்குப் பிரச்சினை கண்ணாடியில்தான் முதலில் தெரிந்தது. கண்ணாடி மாற்றுகிற ஒவ்வொரு முறையும் இடது கண்ணில் சிலிண்டர் பவர் கூடிக்கொண்டே வந்தது. டெரிஜியம் கார்னியாவைக் கிடைவாட்டில் தட்டையாக்கிவிடுகிறது. கார்னியாவின் வளைவு கிடைவாட்டில் ஒன்றாகவும் நெடுவாட்டில் ஒன்றாகவும் மாறினால் அதுதான் அஸ்டிக்மாடிசம், அதைச் சரிசெய்யக் கண்ணாடியில் சேர்ப்பதுதான் சிலிண்டர் பவர். கார்னியாவின் விட்டம் சுமார் 12 மில்லிமீட்டர், வெளிச்சத்தில் கண்மணி 3, 4 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் லிம்பஸிலிருந்து கண்மணி விளிம்புக்கு 4 மில்லிமீட்டர்தான் தூரம். முனை 2, 3 மில்லிமீட்டர் உள்ளே வந்துவிட்டால், கண்மணியைத் தொடாமலே பார்வை சிதற ஆரம்பிக்கும். பிங்குவெகுலா கார்னியாவைத் தொடுவதே இல்லை என்பதால் பவரை இப்படி மாற்றாது. பவர் ஒரு கண்ணில் மட்டும் தொடர்ந்து மாறுகிறது, மூக்குப் பக்கம் சதையும் இருக்கிறது என்றால் டெரிஜியத்தைத்தான் நினைக்க வேண்டும்.

வீட்டில் எப்படிப் பார்ப்பது? ஜன்னலுக்குப் பக்கமாக நின்று, ஃபிளாஷ் இல்லாமல், காதுப் பக்கமாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டு, மூக்குப் பக்கத்தை யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள். பெரிதாக்கிப் பாருங்கள். கருவிழியின் வட்டக் கோடு முழுசாக, உடையாமல் தெரிந்தால் பிங்குவெகுலா. வட்டத்தின்மேல் இளஞ்சிவப்பாக, இறைச்சி நிறத்தில் ஏதோ ஏறியிருந்தால் டெரிஜியமாக இருக்கலாம். பெரிய பிங்குவெகுலா கோட்டை ஒட்டியே உட்கார்ந்திருக்கும்போது படத்தில் தொட்டதுபோலத் தோன்றும், அந்த இடத்தில் ஸ்லிட் லாம்ப்தான் தீர்ப்புச் சொல்லும். அதே வெளிச்சத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு படம் எடுத்து வைத்தால் போதும், தினமும் கண்ணாடி முன் நிற்பது வீண் பதற்றம்.

பிங்குவெகுலா பிற்காலத்தில் டெரிஜியமாக மாறுமா என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. மருத்துவர்களே இதில் ஒரு குரலாகப் பேசுவதில்லை. இரண்டும் ஒரே கதிரால், ஒரே இடத்தில் வருவதால் ஒன்று இருந்த இடத்தில் மற்றது பின்னர் வருவதைப் பார்க்கிறார்கள். ஆனால் பெரும்பாலான பிங்குவெகுலாக்கள் கடைசிவரை பிங்குவெகுலாவாகவே இருந்துவிடுகின்றன. என் டாக்டரம்மா சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது: "மேட்டைப் பாத்துப் பயப்படாதீங்க. கோட்டைப் பாருங்க."

இரண்டுமே இல்லாத மூன்றாவது ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. லிம்பஸ் பகுதியிலேயே வரும் மேல்பரப்புப் புற்று உண்டு. அபூர்வம்தான், ஆனால் ஆரம்பத்தில் பிங்குவெகுலாவையோ டெரிஜியத்தையோ போலவே இருக்கும். மேடு ஜெல்லி மாதிரி கொழகொழவென்று தெரிவது, மேலே வெள்ளைத் தோல் படிவது, தடித்த ரத்தநாளங்கள் நேரே அதற்குள் நுழைவது, சில மாதங்களிலேயே வளர்வது, புதிதாகக் கறுப்பு நிறம் ஏறுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் சொட்டு மருந்தோடு காத்திருக்காமல் காட்டிவிட வேண்டும். பிங்குவெகுலா பெரும்பாலும் இரண்டு கண்ணிலும், ஆண்டுக்கணக்கில் மெதுவாக வருவது. ஒரே கண்ணில், ஒரே சீசனில் வந்ததை நான் நம்பமாட்டேன்.

மாமாவுக்கு ஆபரேஷன் நடந்தது. டெரிஜியத்தை வெறுமனே வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தைத் திறந்தபடி விடுவது பழைய முறை. அப்படி விட்டால் பாதிப்பேர்வரைகூட மறுபடி வளரும், திரும்ப வருவது முதலில் இருந்ததைவிட முரட்டுத்தனமாக இருக்கும். இப்போது மேலிமைக்கு அடியில், வெயில் படாத இடத்திலிருந்து அவரவர் கன்ஜங்டைவாவையே ஒரு துண்டு எடுத்து, வெட்டிய இடத்தில் வைத்துத் தைக்கிறார்கள் அல்லது ஃபைப்ரின் பசையால் ஒட்டுகிறார்கள். அதன்பிறகு திரும்ப வருவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வந்தால் பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் வந்துவிடும். மாமாவுக்கு வரவில்லை. சிலிண்டர் பவர் பாதிக்குமேல் இறங்கியது, முழுக்கப் போகவில்லை.

பிங்குவெகுலாவுக்கு இந்த வழியில் போகும் தேவை பெரும்பாலும் வருவதில்லை. எடுக்க முடியாதா என்று நானும் கேட்டேன். முடியும். திரும்பத் திரும்ப வீங்கி எந்த மருந்துக்கும் அடங்காதவர்களுக்கும், கான்டாக்ட் லென்ஸ் போடமுடியாமல் தவிக்கிறவர்களுக்கும் எடுக்கிறார்கள். வெறும் அழகுக்காக என்றால், மஞ்சள் மேடு இருந்த இடத்தில் ஒரு தழும்பு மேடோ விடாத சிவப்போ வந்து உட்காரலாம். வெள்ளைமுழியைப் பளிச்சென்று ஆக்குவதாகச் சொல்லி மேல்படலத்தைப் பெரிய அளவில் வெட்டி எடுத்த ஒரு சிகிச்சை தென்கொரியாவில் கொஞ்ச காலம் நடந்தது. அடியிலிருக்கும் ஸ்கிலீரா மெலிந்துபோனது உட்படப் பல சிக்கல்கள் வந்து, 2011-இல் அந்நாட்டு அரசு அதை நிறுத்தச் சொன்னது. அதைப் படித்தபிறகு எனக்கு அந்த ஆசை விட்டுப்போனது.

கடைசியாக, லென்ஸ் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மென்மையான லென்ஸின் ஓரம் லிம்பஸைத் தாண்டி வெள்ளைமுழிமேல்தான் முடியும், அதாவது சரியாக மேட்டின்மேல். மூக்குப் பக்கம் மட்டும் சாயங்காலத்தில் சிவந்து, லென்ஸைக் கழற்றினால் மறுநாள் அடங்குகிறது என்றால் ஓரம் உரசுகிறது என்று அர்த்தம். வேறு விட்டத்திலோ வேறு ஓர வடிவிலோ லென்ஸ் மாற்றிப் பார்க்கலாம். லிம்பஸுக்கு உள்ளேயே முடியும் சின்னக் கெட்டி லென்ஸ் மேட்டைத் தொடாது. வெள்ளைமுழியில் உட்காரும் பெரிய ஸ்கிலீரல் லென்ஸ் தேவைப்படுகிறவர்களுக்கு, மேடு இருக்கும் இடத்தில் மட்டும் ஓரத்தை வளைத்து உயர்த்தியோ ஒரு வெட்டு விட்டோ செய்து தருவார்கள். அளவெடுக்கும்போதே மேடு இருப்பதைச் சொல்லிவிடுங்கள். எடுத்தபிறகு சொன்னால் லென்ஸைப் புதிதாகத்தான் செய்ய வேண்டிவரும்.